சாயங்காலக் காய்ச்சலை காலை பதினொரு மணி டாக்டருக்கு எப்படிக் காட்டுவது?

போன மாதம் என் தங்கச்சி ஒரு கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். முதல் நாளே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பப் போவதாகச் சொல்லி, எனக்குக் காட்டினாள். “டாக்டர், ஒரு வாரமா இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல் அடிக்குது. ரொம்ப டயர்டா இருக்கு. என்ன மாத்திரை போடலாம்?” அவ்வளவுதான்.

“அனுப்பாதேடி, கொஞ்சம் இரு” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் டாக்டருக்குத் தேவையானதும் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் வருவது சாயங்காலம், டாக்டர் பார்ப்பதோ காலையில். அந்த நேரத்தில் நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்தால் 98.4தான் காட்டும். “காய்ச்சல் இல்லையேம்மா” என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஏழு மணிக் காய்ச்சலைத்தான் செய்தி கொண்டுபோக வேண்டும்.

அதற்கு “காய்ச்சல் அடிக்குது” என்ற சொல் போதாது, எண் வேண்டும். நல்லவேளை, அவள் வியாழக்கிழமையே டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அளந்திருந்தாள். உடம்புச் சூடு எல்லாருக்குமே காலையைவிட சாயங்காலம் ஒரு டிகிரி வரை கூடும். அதனால் 99 என்று காட்டினால் பதற வேண்டாம். 100.4 தொட்டால் அது காய்ச்சல் கணக்கு. காபி குடித்தவுடன் வாயில் வைக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அவளிடம் ஒரு தப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை 7 மணிக்கு 99.2 என்று குறித்துவிட்டு, “நேத்து குறைஞ்சிடுச்சுக்கா” என்றாள். “அன்னிக்கு மாத்திரை எதுவும் போட்டியா?” என்று கேட்டேன். 4 மணிக்கு டோலோ போட்டிருக்கிறாள்! குறைந்தது நோய் இல்லை, மாத்திரை சூட்டை அமுக்கி வைத்திருக்கிறது. பாராசிட்டமால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் வரை இந்த வேலையைச் செய்யும். அதனால் அளந்துவிட்டு மாத்திரை போடுங்கள். முன்னாலேயே போட்டுவிட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மாத்திரை நேரத்தை எழுதுங்கள்.

அடுத்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகள். டாக்டர் திட்டுவாரோ என்று நம்மில் பாதிப் பேர் இதை மறைக்கிறோம். தயவுசெய்து மறைக்காதீர்கள். என் தங்கச்சி மூன்று நாள் அசித்ரோமைசின் சாப்பிட்டிருந்தாள். அதற்கும் காய்ச்சல் விடவில்லை என்பதே டாக்டருக்கு ஒரு தகவல். இன்னொரு வகை இருக்கிறது, லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் மாதிரி. இவை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறைந்த மாதிரி தெரியும், உள்ளே டிபி இருந்தால் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பெயர் ஞாபகம் இல்லையென்றால் அட்டையைத் திருப்பி, பெயர் தெரிகிற பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் கட்டாயம் எழுதுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் இரண்டுமே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நீங்களாக அதை நிறுத்திவிட வேண்டாம், சொன்னால் போதும்.

கடைசியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதி, திங்கள் காலை அனுப்பியது இது:

“வணக்கம். நாளை செவ்வாய் காலை 11 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பெயர் ___, வயது 34, பெண்.

போன திங்கள் இரவு இருமல் ஆரம்பித்தது. முதலில் வறட்டு இருமல், வெள்ளியிலிருந்து மஞ்சள் சளி. ரத்தம் இல்லை.

புதன் முதல் சாயங்காலம் காய்ச்சல், லேசான குளிர். வாயில் வைத்து அளந்தது: வியாழன் 6.30 மணி 100.4, வெள்ளி 7 மணி 101, சனி 7 மணி 100.8, ஞாயிறு 7 மணி 99.2 (4 மணிக்கு பாராசிட்டமால் 650 போட்டிருந்தேன்). காலையில் 98.2 முதல் 98.6.

இருமும்போது வலது பக்க விலாவில் வலி. மூச்சுத் திணறல் இல்லை. ராத்திரி வேர்வை, எடைக் குறைவு இல்லை. வீட்டில் யாருக்கும் டிபி இல்லை.

சாப்பிட்டது: அசித்ரோமைசின் 500, வெள்ளி முதல் ஞாயிறு வரை தினம் ஒன்று. போட்டோ கீழே. சுகர், பிரஷர், ஆஸ்துமா இல்லை. மருந்து அலர்ஜி இல்லை. கடைசி மாதவிலக்கு 12 நாள் முன்பு.

வருவதற்கு முன் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ஏதாவது எடுக்க வேண்டுமா?”

இதில் எத்தனை ‘இல்லை’ இருக்கிறது பாருங்கள். “இல்லாததை எதுக்குக்கா எழுதணும்?” என்று அவளும் கேட்டாள். டாக்டர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளே அவைதான். எழுதாமல் விட்டால், இல்லையா அல்லது சொல்ல மறந்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியாது. மாதவிலக்குத் தேதியை எழுத அவள் கூச்சப்பட்டாள். எக்ஸ்ரே எடுக்கவும் மருந்து எழுதவும் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று தெரிந்தாக வேண்டும். அதனால் நான் விடவில்லை. கடைசிக் கேள்வியையும் கவனியுங்கள். ‘என்ன மாத்திரை போடலாம்’ என்ற கேள்விக்கு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. என்ன டெஸ்ட் எடுத்து வரலாம் என்று கேட்டால் பதில் வரும், ஒரு நடை மிச்சமாகும்.

வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம். ரிசப்ஷனில் இருக்கும் பெண் அதை ஸ்பீக்கரில் போட்டால், பெஞ்சில் காத்திருக்கும் பத்துப் பேரும் உங்கள் கதையைக் கேட்பார்கள். எழுத்தாக இருந்தால் டாக்டர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.

செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், உதடு நீலம் பாய்வது, ஆள் குழம்பிப் பேசுவது, வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்து அது 94க்குக் கீழே காட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

தங்கச்சிக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “மாஸ்க் போட்டு வாங்க. அரை மணி நேரம் முன்னாடி வந்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துடுங்க.” படத்தில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா. வேறு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்த டாக்டர், மூன்று நாளைக்கு அதே மாதிரி சாயங்காலச் சூட்டைக் குறித்து அனுப்பச் சொன்னார். இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்தைத் தாண்டினால் டிபிக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றும், அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் 7 மணிக்கு அவள் அனுப்பியது ஒரே வரி: “98.8, வாயில். காலையிலிருந்து பாராசிட்டமால் போடவில்லை.”