சுட்டி கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: ஆதிச்சநல்லூர் அகழாய்வில் பானையோடுகளை வரைந்தவன் நான். விண்ணப்பித்த இடத்தில் இணையச் சுட்டி கேட்கிறார்கள், என்னிடம் ஒன்றுமில்லையே?

பதில்: 2004-05இல் அங்கு நடந்த அகழாய்வின் அறிக்கையே நெடுங்காலம் தாமதித்து வந்ததாகையால், தங்கள் பெயர் இணையத்தில் இல்லாதது ஆச்சரியமன்று. கட்டத்தை வெறுமையாக விடாமலும், நேற்றுத் திறந்த வெற்றுப் பக்கத்தைக் காட்டாமலும், பொதுவெளியில் தங்கள் பணி இல்லையென்றும் மாதிரிகளை இணைத்திருப்பதாகவும் ஒரே வாக்கியத்தில் எழுதி, நாலைந்து சித்திரங்களைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் வெட்டுமுகமும் மறுபுறம் வெளித்தோற்றமும், அளவுகோலும், தாங்கள் செய்த பாகம் எதுவென்ற குறிப்பும் இருத்தல் அவசியம். பிரசுரமாகாத தொல்பொருள்களின் சித்திரங்களைத் துறையின் அனுமதியின்றி வெளியிடுவது தகாது. ஆதலால் உள்ளூர்க் குயவரின் பானையொன்றை அதே முறையில் வரைந்து சேர்ப்பதே உத்தமம். கூகுள் டிரைவில் ஏற்றினீர்களாயின், சுட்டி பூட்டியிருக்கிறதா என்று வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்தபின் அனுப்புங்கள்.