சுழற்சியிலிருந்து வினையின் என்தால்பி: காப்பர் சல்பேட்டின் நீரேற்றம்

வெண்மையான நீரற்ற காப்பர் சல்பேட்டின் மீது சில துளி நீர் விட்டால், தூள் நீல நிறமாகிச் சூடேறுகிறது. நீர் மூலக்கூறுகளுடன் இணைந்து அது மயில்துத்தமாக, அதாவது ஐந்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட நீரேறிய படிகமாக மாறுகிறது. இவ்வினையின் சமன்பாடு பின்வருமாறு.

CuSO₄(s) + 5H₂O(l) → CuSO₄·5H₂O(s)   ΔH = ?

வெப்பம் வெளிப்படுவது கையால் தொட்டே உணரத்தக்கது. எனினும் அதன் அளவை இவ்வினையிலிருந்து நேரடியாக அளத்தல் கடினம். சரியாக ஐந்து மோல் நீரைச் சேர்த்தாலும் அது தூள் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. ஒரு பகுதி நனைந்து கரையத் தொடங்கும்போது, மற்றொரு பகுதி வெண்மையாகவே எஞ்சிவிடும். வினை எங்கு முடிந்தது என்று கூற இயலாத நிலையில், வெப்பநிலைமானி காட்டும் அளவைக் கொண்டு என்தால்பியைக் கணக்கிட முடியாது.

சுற்று வழி

1840 ஆம் ஆண்டு ஹெஸ் வெளியிட்ட விதி இதற்குத் தீர்வாகிறது. ஒரு வினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும், தொடக்க நிலையும் இறுதி நிலையும் மாறாதிருப்பின், மொத்த என்தால்பி மாற்றம் மாறாது. என்தால்பி ஒரு நிலைச் சார்பு என்பதே இதன் அடிப்படை. ஆகவே, அளக்க இயலாத ஒரு படிக்குப் பதிலாக, அளக்க இயலும் படிகளால் ஆன வேறொரு பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்.

நீரற்ற உப்பு, நீரேறிய படிகம் ஆகிய இரண்டும் மிகுதியான நீரில் முழுமையாகக் கரைகின்றன. கரைதலின் வெப்பத்தைக் கலோரிமீட்டரில் எளிதாக அளக்கலாம். ஒரு மோல் உப்பு மிகுதியான நீரில் கரையும்போது பெறப்படும் மதிப்புகள் வருமாறு.

நீரற்ற உப்பு: ΔH₁ = −66.5 kJ mol⁻¹
நீரேறிய படிகம்: ΔH₂ = +11.7 kJ mol⁻¹

முதலாவது கரையும்போது நீர் சூடாகிறது. இரண்டாவது கரையும்போது நீர் சற்றுக் குளிர்கிறது. வெப்பநிலை உயர்ந்தால் அமைப்பு வெப்பத்தை இழக்கிறது. எனவே ΔH எதிர்க்குறி பெறும். வெப்பநிலை குறைந்தால் ΔH நேர்க்குறி பெறும்.

சுழற்சியைப் படித்தல்

இம்மூன்று மாற்றங்களையும் காட்டும் சுழற்சி கரும்பலகையில் வரையப்பட்டு, ஒளிப்படமாக எடுக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. படத்தின் மேல் இடப்புறத்தில் CuSO₄(s), மேல் வலப்புறத்தில் CuSO₄·5H₂O(s), கீழே CuSO₄ கரைசல் ஆகியன உள்ளன. மேலே இடமிருந்து வலமாகச் செல்லும் அம்பு, காண வேண்டிய ΔH ஆகும். மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் ஓர் அம்பு கீழ்நோக்கிக் கரைசலுக்குச் செல்கிறது. இடப்புற அம்பின் அருகில் −66.5 என்றும், வலப்புற அம்பின் அருகில் +11.7 என்றும் எழுதப்பட்டுள்ளன.

இத்தகைய படத்தில் எண்களுக்கு முன் அம்புகளின் திசையையே பார்த்தல் வேண்டும். ஓர் எண் அதன் அம்பு செல்லும் திசைக்கு மட்டுமே உரியது. அம்பிற்கு எதிராகச் செல்ல நேர்ந்தால், அம்மதிப்பின் குறி மாறும்.

நீரற்ற உப்பிலிருந்து படிகத்தைச் சுற்று வழியில் அடைய, முதலில் இடப்புற அம்பின் வழியே கரைசலுக்கு இறங்க வேண்டும். இங்கு அம்பின் திசையிலேயே செல்வதால் −66.5 மாறாமல் இருக்கும். அடுத்து, கரைசலிலிருந்து வலப்புற மூலைக்கு ஏற வேண்டும். இது அம்பிற்கு எதிர்த்திசை, எனவே +11.7 என்பது −11.7 ஆகும்.

ΔH = ΔH₁ + (−ΔH₂)
ΔH = (−66.5) + (−11.7)
ΔH = −78.2 kJ mol⁻¹

குறிப்பிழையைக் கண்டறிதல்

படத்தில் உள்ள இரு எண்களையும் அவ்வாறே கூட்டினால் −54.8 என்ற மதிப்பு கிடைக்கும். இதுவும் எதிர்க்குறியுடன் இருப்பதால், வெப்பம் உமிழ் வினைக்குரிய விடையாகவே தோன்றும். குறியை மட்டும் பார்த்து இப்பிழையைக் கண்டறிய இயலாது.

என்தால்பி மட்டங்களை வரைந்தால் பிழை தெளிவாகும். நீரற்ற உப்பு கரையும்போது வெப்பம் வெளிப்படுவதால், அதன் மட்டம் கரைசலுக்கு 66.5 kJ மேலே உள்ளது. படிகம் கரைய வெப்பம் தேவைப்படுவதால், அதன் மட்டம் கரைசலுக்கு 11.7 kJ கீழே உள்ளது. கரைசலின் மட்டம் இவ்விரண்டிற்கும் இடையில் அமைகிறது. எனவே நீரற்ற உப்பிற்கும் படிகத்திற்கும் உள்ள இடைவெளி 66.5 ஐ விடக் கட்டாயம் அதிகமாக இருக்கும். 54.8 என்ற மதிப்பு இதனுடன் பொருந்தாது.

உருவாதல் என்தால்பிகளைக் கொண்டும் விடையைச் சரிபார்க்கலாம். CuSO₄(s), H₂O(l), CuSO₄·5H₂O(s) ஆகியவற்றின் திட்ட உருவாதல் என்தால்பிகள் முறையே −771.4, −285.8, −2279.7 kJ mol⁻¹ ஆகும்.

ΔH = (−2279.7) − [(−771.4) + 5(−285.8)] = −79.3 kJ mol⁻¹

முற்றிலும் வேறான இவ்வழியில் கிடைத்த மதிப்பும் −78.2 க்கு மிக அருகில் உள்ளது.

இறுதி நிலை ஒன்றாக இருத்தல்

சுழற்சி மூடப்பட வேண்டுமெனில், இரு கரைதல்களும் ஒரே செறிவுள்ள கரைசலில் முடிய வேண்டும். படிகம் தன்னுள் ஐந்து மோல் நீரைக் கொண்டுள்ளதால், அதனைக் கரைக்க அவ்வளவு குறைவான நீரையே எடுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 0.025 மோல் நீரற்ற உப்பை (3.99 கிராம்) 50.00 கிராம் நீரில் கரைத்தால், 0.025 மோல் படிகத்தை (6.24 கிராம்) 47.75 கிராம் நீரில் கரைக்க வேண்டும். எஞ்சிய 2.25 கிராம் நீர் படிகத்திலிருந்தே கிடைக்கிறது.

இவ்வளவில், நீரற்ற உப்பு கரையும்போது வெப்பநிலை ஏறத்தாழ 8 K உயரும். படிகம் கரையும்போது ஏறத்தாழ 1.4 K மட்டுமே குறையும். வெப்பநிலையைக் காண்பதில் 0.1 K பிழை ஏற்பட்டால், ஒரு மோலுக்கான மதிப்பில் ஏறத்தாழ 0.8 kJ பிழை உண்டாகும். 66.5 இல் இது சிறியது, 11.7 இல் இது குறிப்பிடத்தக்கது. ஆகவே படிகத்தை நன்கு பொடித்து விரைவாகக் கரைத்தல் நன்று. மெதுவாகக் கரைந்தால், சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் நுழைந்து, வெப்பநிலைக் குறைவைச் சிறிதாகக் காட்டிவிடும்.

தன்மதிப்பீடு

மயில்துத்தத்தைச் சூடாக்கும்போது பின்வரும் வினை நிகழ்கிறது.

CuSO₄·5H₂O(s) → CuSO₄(s) + 5H₂O(g)

ஒரு மோல் நீர் ஆவியாவதற்கான என்தால்பி +44.0 kJ எனில், மேற்கண்ட சுழற்சியில் ஒரு படியைச் சேர்த்து இவ்வினையின் ΔH மதிப்பைக் கணக்கிடுக. நீரேற்ற வினை எத்திசையில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும், ஆவியாதல் மதிப்பு எந்த எண்ணால் பெருக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுக.

(விடை: +298.2 kJ mol⁻¹)