நெருங்கும் ஹாரன், விலகும் ஹாரன்

பத்தாம் வகுப்பில் டாப்ளர் விளைவை நடத்தும்போது, "வண்டி நெருங்க நெருங்கச் சுருதி கூடிக்கொண்டே வரும்" என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். பென்னலூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "இல்லைங்க சார், சத்தம்தான் கூடுது. சுருதி ஒரே மாதிரி வந்து, நம்மைத் தாண்டும்போது சட்டென்று இறங்குது" என்றாள். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனிப் பேருந்துகளையும் கண்டெய்னர் லாரிகளையும் நாள்தோறும் கேட்கும் காது அது. அவள் சொன்னதே சரி. நான் உரப்பையும் சுருதியையும் குழப்பியிருந்தேன்.

அதன்பின் சூத்திரத்திற்கு முன் அலைநீளத்திலிருந்து தொடங்குகிறேன். ஹாரனின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ், ஒலியின் வேகம் 340 மீ/வி, பேருந்தின் வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது 20 மீ/வி என்க. பேருந்து நின்றால் அலைநீளம் 340/400 = 0.85 மீ. ஓடும்போது ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே அது 20/400 = 0.05 மீ முன்னேறுகிறது. எனவே முன்புறம் அலைநீளம் 0.80 மீ ஆகச் சுருங்குகிறது, பின்புறம் 0.90 மீ ஆக நீள்கிறது. காற்றில் ஒலியின் வேகம் மாறுவதில்லை.

நெருங்கும்போது: 340/0.80 = 425 ஹெர்ட்ஸ்
விலகும்போது: 340/0.90 = 377.8 ஹெர்ட்ஸ்

பாடநூல் சூத்திரம் n′ = n·v/(v ∓ vₛ) தருவதும் இதுவே; நெருங்கினால் கழித்தல், விலகினால் கூட்டல். ஏற்றம் 25, இறக்கம் 22.2. இரண்டும் சமமாக இருக்கும் என்று மாணவர்கள் எழுதுவது வழக்கமான பிழை. இரண்டின் விகிதம் 9/8. பாட்டு கற்ற பிள்ளைகளிடம் "சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்திற்கு இறங்கும் அளவு" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சுருதி ஏன் ஒரே நொடியில் தாவாமல் சற்று வழுக்கி இறங்குகிறது? நாம் சாலையின் நடுவில் நிற்பதில்லை. பேருந்தின் பாதையிலிருந்து 10 மீ தள்ளி நின்றால், நம்மை நோக்கிய திசைவேகக் கூறு மட்டுமே கணக்கில் வரும். பேருந்து 30 மீ முன்னால் இருக்கும்போது அக்கூறு 19 மீ/வி. அங்கிருந்து எழும் ஒலி ஏறத்தாழ 423.6 ஹெர்ட்ஸாகக் கேட்கும். 30 மீ கடந்தபின் அது 378.9. மாற்றம் பெரும்பாலும் இந்த 60 மீட்டரில், 3 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இன்னும் தள்ளி நின்றால் இறக்கம் மெதுவாக இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஹாரனின் உண்மை அதிர்வெண் தெரியாமல் வண்டியின் வேகத்தைக் காண்க. கேட்டவை 425, 377.8.

vₛ = 340 × (425 − 377.8)/(425 + 377.8) ≈ 20 மீ/வி

சாலையை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் நின்று, கைபேசியில் பதிவு செய்து இதைச் சோதிக்கலாம். சில ஹாரன்கள் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை ஒலிக்கும். முன்னும் பின்னும் ஒரே சுருதியை ஒப்பிடாவிட்டால் நம்ப முடியாத வேகம் வரும். விடை மணிக்கு 200 கி.மீ. என்றால் முதலில் அதைத்தான் பாருங்கள்.