மாத்திரை வேலை செய்கிறதா?

இரண்டு மாதமாகத் தூக்க மாத்திரை போடுகிறேன். பலன் இருக்கிறதா என்றே தெரியவில்லை. டாக்டரிடம் என்ன சொல்வது? – வாசகி, திருச்சி

‘பரவாயில்லை’ என்றால் அதே மாத்திரையைத்தான் எழுதித் தருவார். அதனால் 2 வாரம் தூக்கத்தை ஒரு நோட்டில் எழுதி, அவரிடம் காட்டுங்கள். காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரி கடிகாரம் பார்த்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். மாத்திரை போட்டது, படுத்தது, தூங்கியது, நடுவில் விழித்தது, எழுந்தது எல்லாவற்றின் நேரமும் வேண்டும்.

10 மணிக்குப் படுத்து, 11.30க்குத் தூங்கி, நடுவில் 1 மணி நேரம் விழித்து, 6 மணிக்கு எழுந்தால், படுக்கையில் 8 மணி நேரம், தூக்கம் ஐந்தரை. அதாவது படுக்கை நேரத்தில் 69 சதவீதம். 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல தூக்கம். காலையில் தலை பாரமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மாத்திரையின் மயக்கம் மிச்சமிருக்கலாம்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் சில நாள் தூக்கம் முன்பைவிடக் கெடும்; ‘மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று நோட்டே பொய் சொல்லும்.