ஊறப்போட்ட கடலை ஊசிப்போச்சா?

தங்கச்சி, ராத்திரி ஒன்பது மணிக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டாய். காலையில் சுண்டல் செய்ய நேரமில்லாமல் வேலைக்குப் போய்விட்டாய். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து மூடியைத் திறக்கிறாய். சித்திரை வெயிலில் அது 21 மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் கையை உள்ளே விடாதே, கண்ணால் பார். கடலையைக் கையால் அலசினால் நுரை வருவது இயல்புதான், அதற்குப் பயப்படாதே. யாரும் தொடாமலே மேலே நுரை படர்ந்திருந்தாலோ, அடியிலிருந்து குமிழி கிளம்பினாலோ கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வாசனை. நல்ல கடலையில் பச்சை வாடைதான் அடிக்கும். புளிச்ச வாடையோ, அழுகல் நெடியோ வந்தால் ஊசிப்போய்விட்டது.

பிறகு இரண்டு கடலையை எடுத்து விரலில் தேய்த்துப் பார். கொழகொழவென்று வழுக்கினாலோ, தண்ணீர் நூல் விட்டாலோ கொட்டிவிடு. வாயில் போட்டு ருசி பார்க்காதே. நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தால் அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. ஆனால் முளைகட்ட வேண்டுமென்றால் எட்டு மணி நேரத்தில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே விட்டால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

"நாலு தண்ணீரில் கழுவி, இரண்டு விசில் கூட விட்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்பாய். ஆகாது. வேகவைத்தால் கிருமிகளில் பெரும்பாலானவை சாகும். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு, கொதித்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர அதுவே போதும்.

இந்த அடையாளங்கள் எதுவும் தெரியாவிட்டாலும், வெயில் காலத்தில் வெளியே 21 மணி நேரம் கிடந்ததை நான் சமைக்க மாட்டேன். 12 மணி நேரம்தான் என் எல்லை.

இனி இப்படிச் செய். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், ஊறப்போடும்போதே பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வை. ஊற நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காலையில் சமைக்க முடியாது என்று பட்டால் பழைய தண்ணீரை வடித்து, கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுக் கிளம்பு, சாயங்காலம் வந்து வேகவை. இல்லையென்றால் காலையிலேயே குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிடு.

இன்றைக்குக் கிடக்கும் அந்தக் கடலையைக் கொட்டிவிடு. ஒரு டம்ளர் கடலைக்காகப் பிள்ளைகளின் வயிற்றைப் பணயம் வைக்காதே.