பத்து சென்டிமீட்டரில் 900 பேர், பத்து சென்டிமீட்டரில் 9 லட்சம் பேர்

கொரோனா காலத்தில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, குமுளி, மூணாறு பக்கத்துத் தமிழர்கள் இரண்டு மாநிலக் கணக்கையும் தினமும் பார்த்தார்கள். செக்போஸ்ட் திறக்குமா, பாஸ் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்திருந்தது. செய்தித்தாளிலும் செல்பேசியிலும் வந்த வரைபடங்களில் பல, மடக்கை அச்சில், அதாவது ‘லாக்’ அளவுகோலில் வரையப்பட்டவை. அவற்றைப் பற்றி அன்று பரவிய தப்பெண்ணங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கேரளத்தின் மொத்தத் தொற்று எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டு அவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: அச்சில் கோடுகள் சம இடைவெளியில் இருந்தால், ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரே அளவுதான் கூடுகிறது.

சாதாரண அச்சில் அப்படித்தான். 100, 200, 300 என்று ஒவ்வொரு படிக்கும் நூறு கூடும். லாக் அச்சின் ஓரத்தைப் பாருங்கள்: 100, 1,000, 10,000, ஒரு லட்சம், பத்து லட்சம் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு படியும் முந்தையதைப் பத்தால் பெருக்கியது. பத்து மடங்குக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்து ஒரு படம் வரைந்தால், முதல் பத்து சென்டிமீட்டரில் கூடியவர்கள் 900 பேர். நான்காவது பத்து சென்டிமீட்டரில் கூடியவர்கள் 9 லட்சம் பேர். உயரம் ஒன்றுதான்.

இதே படத்தில் எந்த எண் இரட்டித்தாலும் கோடு சுமார் மூன்று சென்டிமீட்டர் ஏறும். 100 என்பது 200 ஆனாலும் அவ்வளவுதான், 10 லட்சம் 20 லட்சம் ஆனாலும் அவ்வளவுதான். மும்மடங்கானால் ஏறக்குறைய 4.8 சென்டிமீட்டர்.

இரண்டு நாட்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இதன் விளைவு நன்றாகத் தெரியும். 2020 மே 8 அன்று கேரளத்தின் மொத்த எண்ணிக்கை 503. வெளிநாட்டு விமானங்களும், வாளையாறு, குமுளி வழியாகப் பாஸுடன் வந்தவர்களின் வண்டிகளும் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. மே 27 அன்று ஆயிரத்தைத் தாண்டியது. 19 நாளில் இரு மடங்கு என்பதால், நம் படத்தில் கோடு மூன்று சென்டிமீட்டர் ஏறும். கூடியவர்கள் ஐந்நூறு பேர்.

ஓராண்டு கழித்து, 2021 மே 12 அன்று, ஒரே நாளில் 43,529 பேருக்குத் தொற்று பதிவானது. மொத்தம் அப்போது 20 லட்சத்தை ஒட்டியிருந்ததால் இது இரண்டேகால் சதவீதம்கூட இல்லை. அந்த நாளுக்காகக் கோடு ஏறியது சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆஸ்பத்திரிகள் திணறிய அந்த நாளைப் படத்தில் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அப்படியானால் லாக் படம் ஏமாற்று வேலையா? இல்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது: ‘எத்தனை மடங்காகிறது, எவ்வளவு நாளில்?’ பத்து லட்சம் வரை ஒரு மீட்டர் உயரம் என்று சாதாரணப் படம் வரைந்தால், 2020 மே மாதத்தின் 500 பேர் அரை மில்லிமீட்டர்தான் இருப்பார்கள். பரவல் மறுபடி தலைதூக்கியது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. லாக் படத்தில் பளிச்சென்று தெரியும்.

நம்பிக்கை: ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி இருந்தால் அது 5,500.

சுமார் 3,160. நடுப்புள்ளியைத் தொட ஆயிரத்தை எந்த எண்ணால் பெருக்குகிறோமோ, அதே எண்ணால் இன்னொரு முறை பெருக்கினால் பத்தாயிரம் வரவேண்டும். அந்த எண் 3.16. நல்ல படங்களில் இடையே 2,000, 3,000, 4,000 என்று மெல்லிய கோடுகள் இருக்கும். மேலே போகப்போக அவை நெருங்கிக்கொண்டே வரும். அவை இல்லாத படத்தில் கண்ணால் அளந்து எண் சொல்ல முயலாதீர்கள்.

நம்பிக்கை: கோடு நேராக ஏறினால் தினமும் ஒரே எண்ணிக்கை கூடுகிறது. வளைந்து படுத்தால் நோய் நின்றுவிட்டது.

இதன் இரண்டு பாதியும் தவறு.

ஆயிரத்தைத் தாண்டிய மே 27-இலிருந்து, பத்தாயிரத்தைத் தாண்டிய ஜூலை 16 வரை 50 நாட்கள். அங்கிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டிய செப்டம்பர் 11 வரை 57 நாட்கள். ஏறக்குறைய சமமான நாட்களில் சமமான உயரம். அதனால் லாக் படத்தில் அந்த மூன்றரை மாதமும் ஏறத்தாழ ஒரே நேர்கோடாக வரும். மே 27 அன்று புதிதாக வந்தவர்கள் 40 பேர். செப்டம்பர் 11 அன்று 2,988 பேர். கோட்டின் சாய்வு மாறாததற்குக் காரணம், எண்ணிக்கை பதினைந்து முதல் பதினேழு நாளுக்கு ஒருமுறை விடாமல் இரட்டித்ததுதான். லாக் படத்தில் நேர்கோடு என்றால் நிதானம் என்று ஆறுதல் அடையக் கூடாது.

இனி வளைவுக்கு வருவோம். ஒரு லட்சம் பத்து லட்சமாக, 2021 பிப்ரவரி வரை, ஐந்து மாதம் பிடித்தது. அதே பத்து சென்டிமீட்டருக்கு மும்மடங்கு காலம். கோடு நன்றாகச் சாய்ந்துவிட்டது. ‘பாருங்கள், அடங்கிவிட்டது’ என்று அன்று பலர் அந்தப் படத்தைப் பகிர்ந்தார்கள். அந்த ஐந்து மாதத்தில்தான் 9 லட்சம் பேர் கூடினார்கள். சராசரியாக நாளுக்கு ஐந்தாயிரத்துக்கும் மேல்.

காரணம் எளிது. தினமும் கூடுவது மாறாமல் 5,000 என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 லட்சமாக இருக்கும்போது அது இரண்டரை சதவீதம். 10 லட்சமாகும்போது அரை சதவீதம். நோயாளிகள் குறையவில்லை, பங்குதான் குறைந்தது. கோடு பங்கை மட்டுமே பார்ப்பதால் படுத்துவிடும். மொத்த எண்ணிக்கைக் கோடு கீழே இறங்கவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரவல் அடங்குகிறதா என்று அறிய அன்றாடப் புதிய எண்ணிக்கையின் ஏழு நாள் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எந்தப் படமானாலும் அடிக்கோடு பூஜ்யம்.

லாக் அச்சில் பூஜ்யத்துக்கு இடமே இல்லை. 100-க்குக் கீழே 10, அதற்குக் கீழே 1, பிறகு பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று வகுத்துக்கொண்டே போகலாம். எத்தனை முறை வகுத்தாலும் பூஜ்யம் வராது. அடியில் தெரியும் கோடு, படம் போட்டவர் தமக்கு வசதியாக வெட்டிய இடம்.

இடுக்கிக்காரர்களுக்கு இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. 2020 ஏப்ரல் நடுவில் அந்த மாவட்டத்தில் சிகிச்சையில் யாருமே இல்லை என்ற நிலை வந்தது. பச்சை மண்டலத்தில் இருந்த மாவட்டம், புதிய தொற்றுகள் வந்ததும் ஏப்ரல் 27 அன்று சிவப்பு மண்டலமானது. சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கையை லாக் அச்சில் வரைந்தால் அந்தப் பூஜ்ய நாட்களுக்குப் புள்ளி வைக்க முடியாது. சில மென்பொருள்கள் கோட்டை அறுத்துவிடும். சில, இடைவெளியைத் தாண்டி இரு முனைகளையும் இணைத்துவிடும். இணைத்த படத்தில், நோய் ஒரு நாள்கூட மாவட்டத்தை விட்டுப் போகவில்லை என்றே தோன்றும்.

ஆகவே மாவட்ட அளவில், எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் சில பத்துகளுக்கும் இடையே ஆடும்போது லாக் அச்சு பொருந்தாது. சாதாரண அச்சே போதும். எண்கள் நூறிலிருந்து லட்சத்துக்குத் தாவும்போது, பத்திரிகைகள் இரண்டு படங்களையும் அருகருகே போட வேண்டும்; லாக் படத்தின் மேல் ‘ஒரு படி = பத்து மடங்கு’ என்று ஒரு வரி அச்சிடவும் வேண்டும். அந்த வரி இல்லாத படம் கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் அச்சில் அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பார்த்து, மேலுள்ளதைக் கீழுள்ளதால் வகுத்துப் பாருங்கள்.