விலைக்கூறு முதல் பற்றுச்சீட்டு வரை: ஒரு விற்பனை, ஐந்து தாள்கள்

புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர் வாடிக்கையாளரிடம் கொடுக்கும் எல்லாத் தாளையும் ‘பில்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். பேச்சில் அதனால் குறையேதும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியச் சட்டம் அத்தாள்களை ஒன்றாகக் கருதுவதில்லை. ஒரு தாள் உங்களை ஒரு விலைக்குக் கட்டுப்படுத்துகிறது; வேறொன்று ஜி.எஸ்.டி. செலுத்தவேண்டிய காலத்தையே மாற்றிவிடுகிறது. தமிழில் ‘விலைப்பட்டியல்’ என்னும் சொல் கடையில் தொங்கும் விலை அட்டவணையையும் குறிக்கும், இன்வாய்ஸையும் குறிக்கும். ஆகவே குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் இன்வாய்ஸ் என்ற சொல்லையே ஆளுகிறோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நமது கவுன்சில் பகுதியில் வீட்டிலிருந்தபடியே தையல் தொழில் நடத்தும் ஒருவரிடம், ஓர் உணவகத்தார் 40 நாற்காலி உறைகளும் 12 திரைச்சீலைகளும் கேட்கின்றனர். தையல்காரர் ஏ.பி.என். பெற்றவர், ஜி.எஸ்.டி.க்கும் பதிவு செய்தவர். உறை ஒன்று 22 டாலர், திரைச்சீலை ஒன்று 110 டாலர்; இரண்டும் ஜி.எஸ்.டி. உட்பட்ட விலைகள். உறைகளுக்கு 880, திரைச்சீலைகளுக்கு 1,320, ஆக மொத்தம் 2,200 டாலர். வரி உட்பட்ட தொகையைப் பதினொன்றால் வகுத்தால் அதிலுள்ள ஜி.எஸ்.டி. கிடைக்கும், இங்கு அது 200 டாலர்.

முதலில் அவர் கொடுப்பது விலைக்கூறு. ஆங்கிலத்தில் ‘கோட்’ அல்லது ‘கொட்டேஷன்’ என்பர். செப்டம்பர் 1 அன்று அவர் அதை எழுதுகிறார். துணியின் வகை, அளவு, எண்ணிக்கை, மொத்த விலை, எத்தேதி வரை அவ்விலை செல்லுபடியாகும் என்பன அதில் இருக்கவேண்டும். உணவகம் அதை ஏற்றுக்கொண்ட கணத்தில் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. அதன்பின் துணி விலை ஏறிற்று என்று 2,400 டாலர் கேட்க அவருக்கு உரிமை இல்லை. விலையை உறுதியாகச் சொல்ல இயலாத வேலையாயின், தாளின் தலைப்பில் ‘எஸ்டிமேட்’, அதாவது உத்தேச மதிப்பீடு, என்று தெளிவாக எழுதவேண்டும். அது அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை.

விலைக்கூறில் புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. ‘மொத்தம் 2,000 டாலர்’ என்று மட்டும் எழுதி, ஜி.எஸ்.டி. பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவர். பின்னர் அதன்மேல் 200 டாலர் கூட்டிக் கேட்பர். அந்த வரியை அரசுக்குச் செலுத்தவேண்டியவர் விற்பவரே. ஒப்பந்தத்தில் இடமில்லாதபோது வாங்குபவரிடம் அதைத் தனியாகக் கோர முடியாது. அப்படியானால் அந்த 2,000 டாலருக்குள்ளேயே வரி அடங்கியதாகக் கொள்ளப்படும், 181.82 டாலர் தையல்காரரின் வருவாயிலிருந்து போய்விடும். எனவே ‘ஜி.எஸ்.டி. உட்பட’ என்ற சொற்கள் விலைக்கூறிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

உணவகம் விலையை ஏற்றுக்கொண்டது. துணி வாங்குவதற்குப் பாதித் தொகையை முன்பணமாகத் தரவேண்டும் என்பது நிபந்தனை. ‘தொகையைக் காட்டி ஏதாவது ஒரு தாள் அனுப்புங்கள்’ என்று உணவகத்தின் கணக்காளர் கேட்கிறார். இங்கே கொடுக்கவேண்டியது புரோஃபார்மா இன்வாய்ஸ். பார்வைக்கு அது இன்வாய்ஸைப் போலவே இருக்கும்: பொருள், அளவு, விலை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உண்டு. ஆனால் அது ‘இந்த விற்பனை நடந்தால் தொகை இவ்வாறு அமையும், வேலையைத் தொடங்க 1,100 டாலர் அனுப்புக’ என்று அறிவிக்கும் தாள் மட்டுமே. சட்டத்தின்படி இன்வாய்ஸ் என்பது பணம் செலுத்தும் கடமையை அறிவிக்கும் ஆவணம். உண்மையான புரோஃபார்மா அந்நிலையை எட்டுவதில்லை. அதை வைத்து வாங்குபவர் ஜி.எஸ்.டி. வரவு கோரவும் இயலாது.

இவ்வேறுபாடு வெறும் சொல்விளையாட்டு அன்று. அக்ரூவல் முறையில் கணக்கு வைப்பவர், இன்வாய்ஸ் அனுப்பிய நாள், பணத்தின் எந்தப் பகுதியாவது கைக்கு வந்த நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ, அந்தக் காலாண்டிலேயே முழு விற்பனைக்குமான ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் காட்டவேண்டும். அத்தகையவர் செப்டம்பரில் புரோஃபார்மாவுக்குப் பதிலாக 2,200 டாலருக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். உணவகம் ஒரு டாலர்கூடத் தராவிட்டாலும், செப்டம்பர் காலாண்டின் பாஸ் படிவத்தில் 200 டாலரைக் காட்டி, அக்டோபர் 28க்குள் அவர் செலுத்தவேண்டியிருக்கும். ரொக்க முறையைத் தேர்ந்தவருக்கு இச்சங்கடம் இல்லை. வந்த பணத்துக்குரிய வரியை மட்டும், அது வந்த காலாண்டில் காட்டினால் போதும். நமது தையல்காரர் ரொக்க முறையினர். செப்டம்பர் 8 அன்று 1,100 டாலர் வந்தது. ஆகவே அக்காலாண்டில் அவர் காட்டும் ஜி.எஸ்.டி. 100 டாலர்.

ரொக்க முறையினருக்கும் வேறோர் இடர் உண்டு. நடைமுறையில் மிகுதியாக நேர்வதும் இதுவே. முன்பணத்துக்கு ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்பிட்டு ஒரு தாள், வேலை முடிந்தபின் முழுத் தொகைக்கும் அதே தலைப்பில் இன்னொரு தாள் என இரண்டு கொடுத்துவிடுவர். 2,200 டாலர் விற்பனை இப்போது ஏட்டில் 3,300 டாலராக நிற்கும். உணவகத்தின் கணக்காளரும் இரண்டையும் பதிந்து இரட்டை வரவு கோரக்கூடும். உங்கள் இன்வாய்ஸ்களின் மொத்தத்தை வங்கியில் வந்த தொகையோடு ஒப்பிட்டால், முன்பணத்தின் அளவுக்கே ஒரு தொகை ‘வராத பாக்கி’யாக நிற்பதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். முன்பணத்துக்கே டாக்ஸ் இன்வாய்ஸ் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் இறுதி இன்வாய்ஸ் மீதித் தொகைக்கு மட்டுமே இருக்கவேண்டும்.

அக்டோபர் 6 அன்று பொருள்கள் உணவகத்துக்குச் செல்கின்றன. அவற்றோடு செல்வது டெலிவரி நோட், அதாவது ஒப்படைப்புச் சீட்டு. இதில் விலை எழுதவேண்டியதில்லை. எழுதாதிருப்பதே நலம், ஏனெனில் பொருளை வாங்கி வைக்கும் பணியாளர் விலையை அறியவேண்டிய தேவை இல்லை. என்ன பொருள், எத்தனை, எந்த நாள், பெற்றவர் பெயர், கையொப்பம் ஆகியன போதும். அன்று எண்ணிப் பார்த்தபோது நாற்காலி உறைகள் 38 மட்டுமே இருந்தன. ‘உறை 38, திரைச்சீலை 12, உறை 2 பின்னர்’ என்று சீட்டில் எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். எண்ணாமலே ‘சரி’ என்று ஒப்பமிட்டிருந்தால், ஒரு மாதம் கழித்து ‘நாங்கள் 35தான் பெற்றோம்’ என்று உணவகம் சொல்வதும், ‘40 கொடுத்தேன்’ என்று தையல்காரர் சொல்வதும் சான்றற்ற வாதங்களாகவே நின்றிருக்கும். இச்சீட்டுக்கும் வரிக்கும் தொடர்பில்லை. பொருள் கைமாறியது என்பதற்கே இது சான்று. பணம் வந்தது என்பதற்கு அன்று.

இப்போது டாக்ஸ் இன்வாய்ஸ். அதில் எழுதவேண்டிய அளவு ஒப்படைப்புச் சீட்டிலிருந்து வருகிறது, விலைக்கூறிலிருந்து அன்று. 38 உறைகளுக்கு 836, திரைச்சீலைகளுக்கு 1,320, மொத்தம் 2,156 டாலர்; அதிலுள்ள ஜி.எஸ்.டி. 196. அதன் கீழே ‘முன்பணம் பெற்றது 1,100, செலுத்தவேண்டிய மீதி 1,056’ என்று காட்டுகிறார். தாள் டாக்ஸ் இன்வாய்ஸ் என்பது ஐயமின்றித் தெரியவேண்டும். விற்பவரின் பெயர், ஏ.பி.என்., தேதி, பொருள் விவரம், அளவு, விலை, ஜி.எஸ்.டி. தொகை ஆகியன இருக்கவேண்டும். மொத்தம் 1,000 டாலர் அல்லது அதற்கு மேலாயின், வாங்குபவர் யார் என்பதும் பெயராலோ ஏ.பி.என். எண்ணாலோ தெரியவேண்டும், ‘மேலாளர் அவர்களுக்கு’ என்பது போதாது. ஜி.எஸ்.டி. உட்பட 82.50 டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு வாங்குபவர் கேட்டால் 28 நாள்களுக்குள் இதைக் கொடுத்தாகவேண்டும். இது கையில் இல்லாமல் அவர் அந்த வரியைத் திரும்பக் கோர இயலாது. சில வாடிக்கையாளர்கள் இதற்காக விடாது தொலைபேசியில் அழைப்பதன் காரணம் இதுவே.

ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரை எட்டாததால் ஜி.எஸ்.டி.க்குப் பதிவு செய்யாதவர், டாக்ஸ் இன்வாய்ஸ் என்று தலைப்பிடவோ ஜி.எஸ்.டி. என ஒரு தொகையைக் காட்டவோ கூடாது. அவர் ‘இன்வாய்ஸ்’ என்று மட்டும் எழுதவேண்டும். ஏ.பி.என். இருப்பின் அதை மறவாமல் குறிப்பிடுக. அது இல்லாத இன்வாய்ஸுக்கு, தொகை 75 டாலரைக் கடந்தால், வாங்கும் நிறுவனம் பொதுவாக 47 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டே பணம் தரும்.

இறுதியாகப் பற்றுச்சீட்டு, ரசீது என்றும் சொல்வோம். பணம் வந்துசேர்ந்தபின் மட்டுமே இதை எழுதவேண்டும். நமது உதாரணத்தில் இரண்டு பற்றுச்சீட்டுகள்: செப்டம்பர் 8 அன்று முன்பணம் 1,100க்கு ஒன்று, அக்டோபர் 20 அன்று மீதி 1,056க்கு ஒன்று. இரண்டாவது பணத்திலுள்ள ஜி.எஸ்.டி. 96 டாலர், அது டிசம்பர் காலாண்டில் சேரும். எந்த இன்வாய்ஸுக்கான பணம், வங்கி வழியா கையிலா என்பதையும் எழுதுக. ‘நாளை அனுப்பிவிடுகிறேன்’ என்ற சொல்லை நம்பி இன்வாய்ஸில் ‘பெய்ட்’ முத்திரை குத்திக் கொடுத்தால், பணம் வரவில்லை என்று நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். நுகர்வோருக்கு விற்கும்போது, ஜி.எஸ்.டி. நீங்கலாக 75 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு, அவர் கேளாமலே விற்பனைச் சான்று கொடுக்கவேண்டும். அதற்குக் குறைந்த விற்பனையாயின் அவர் கேட்டால் 7 நாள்களுக்குள் கொடுக்கவேண்டும். டாக்ஸ் இன்வாய்ஸே இச்சான்றாக அமையலாம்.

விடுபட்ட இரண்டு உறைகளைப் பின்னர் தைத்துக் கொடுத்தபோது வந்தது 44 டாலர், அதில் ஜி.எஸ்.டி. 4. தொகை சிறிதாதலால் டாக்ஸ் இன்வாய்ஸ் கட்டாயமில்லை. விவரம் எழுதிய பற்றுச்சீட்டே போதும். 100, 96, 4 என மூன்றையும் கூட்டினால் முதலில் கணக்கிட்ட 200 வந்துவிடுகிறது. தாள்கள் சரியாக இருப்பின் கணக்கு இவ்வாறு தானே ஒத்துவரும்.

ஏற்கெனவே கொடுத்த டாக்ஸ் இன்வாய்ஸின் தொகை பின்னர் மாறினால் (ஓர் உறை கிழிந்திருந்து திரும்ப வந்தது என்பது போல) பழைய தாளைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் புதிதாக எழுதவேண்டாம். ‘அட்ஜஸ்ட்மென்ட் நோட்’ என்னும் திருத்தச் சீட்டைத் தனியாகக் கொடுத்து இரண்டையும் கோப்பில் வையுங்கள்.

இந்த ஆவணங்களைப் பொதுவாக 5 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும். அவை ஆங்கிலத்திலோ, எளிதில் ஆங்கிலத்துக்கு மாற்றத்தக்க வடிவிலோ இருக்கவேண்டும் என்பது வரித்துறையின் விதி. எனவே உங்கள் குறிப்பேட்டைத் தமிழில் எழுதினாலும், வாடிக்கையாளர் கையில் சேரும் தாளையும் அதன் நகலையும் ஆங்கிலத்தில் வைத்திருங்கள்.